வாடகையா, சொந்த வீடா: 21 லட்சம் ரூபாயின் ஏழு ஆண்டுக் கணக்கு

2018-ஆம் ஆண்டின் நடுவில், சென்னை மடிப்பாக்கத்தில் ஏறத்தாழ பத்து வயதான ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் காலியாயின. இரண்டும் 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஒரே அமைப்பு. இரண்டாம் தளத்து வீட்டை என் அலுவலக நண்பர் 60 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். மூன்றாம் தளத்து வீட்டை நாங்கள் மாதம் 16,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சம்பளம், கையிலிருந்த சேமிப்பும் ஒரே அளவு. அவர் சேமிப்பை வீட்டில் போட்டார், நாங்கள் முதலீட்டில் போட்டோம். வீடு வாங்கலாமா, வாடகையிலேயே இருக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இப்படி ஒரே கட்டடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. நண்பரின் சம்மதத்தோடு இரு பக்கத்துக் கணக்கையும் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்து வைத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய பக்கம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அவருக்குக் கிடைத்த கடன் 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பலர் அந்தத் தொகையைச் சேர்த்ததும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட வங்கிகளுக்கு அனுமதி இல்லை. 2018-இல் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டிப் பதிவு செய்ததால் அதற்கே 6 லட்சத்து 60 ஆயிரம் ஆனது. தரகருக்கு 60 ஆயிரம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, வில்லங்கச் சான்று முதலியவற்றுக்கு 30 ஆயிரம், அலமாரிக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஒன்றரை லட்சம். எல்லாம் சேர்ந்து அவர் கையிலிருந்து போனது 21 லட்சம். அதாவது வீட்டின் விலையில் 35 சதவீதம்.

இந்த 21 லட்சத்தில் 12 லட்சம் மட்டுமே வீடாக நின்றது. அலமாரிச் செலவை விட்டுவிட்டாலும் ஏழரை லட்சம் ரூபாய் பதிவு நாளன்றே கரைந்துவிட்டது. வீட்டின் விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் ஓராண்டில் கூடுவது 3 லட்சம். ஆகவே கரைந்த தொகையை மீட்கவே இரண்டரை ஆண்டுகள் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் வேலை மாற்றமோ ஊர் மாற்றமோ வரக்கூடியவர்கள் அடுக்குமாடி வீடு வாங்குவது பெரும்பாலும் நட்டம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். இப்போது மறுவிற்பனை வீடுகளுக்கு இந்தச் செலவு சற்றே குறைந்திருக்கிறது: 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகி, மொத்தம் 9 சதவீதமாக இருக்கிறது. ஆனால் அதே நேரத்தில், பதிவுச் செலவைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பையும் 2017-க்கு முந்தைய அளவுக்கு உயர்த்தினார்கள். கட்டுமான நிறுவனத்திடமிருந்து முதன்முறையாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு, 2023 டிசம்பர் முதல் விலையைப் பொறுத்துத் தனி விகிதம் உண்டு. 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம்.

அடுத்து மாதத் தவணை. 48 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்றால் தவணை 41,655 ரூபாய். முதல் மாதத் தவணையில் 34,000 ரூபாய் வட்டிக்கும் 7,655 ரூபாய் மட்டும் அசலுக்கும் போகும். எனக்குத் தெரிந்த பலர் தவணையையும் வாடகையையும் அருகருகே வைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் வீடே நமக்குச் சொந்தம்” என்று முடிவு செய்கிறார்கள். அருகருகே வைக்க வேண்டியவை 16,000 ரூபாய் வாடகையும் 34,000 ரூபாய் வட்டியும்தான். இரண்டுமே போனால் திரும்பாதவை. இந்த அளவை ஒவ்வொருவரும் தம் கடனுக்குத் தாமே பார்த்துக்கொள்ளலாம். கணினியில் விரிதாள் திறந்து கீழுள்ள இரண்டு வரிகளை இட்டால், முதல் வரி தவணையையும், இரண்டாவது வரி முதல் 84 மாதங்களில் அசலில் எவ்வளவு அடைந்தது என்பதையும் காட்டும்.

```
=PMT(8.5%/12, 240, -4800000)
=-CUMPRINC(8.5%/12, 240, 4800000, 1, 84, 0)
```

இரண்டாவது வரிக்குக் கிடைக்கும் விடையை வீடு வாங்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஏழு ஆண்டுகளில் கட்டிய தவணை ஏறத்தாழ 35 லட்சம். அதில் அசலில் கழிந்தது எட்டே முக்கால் லட்சம் மட்டும். 48 லட்சம் கடனில் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் 39 லட்சத்து 25 ஆயிரம் நிற்கிறது. உண்மையில் நண்பரின் வட்டி இடையில் இறங்கி ஏறியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே முதல் இரண்டு ஆண்டுகள் 4 சதவீதமாக இருந்தபோது அவருடைய வட்டியும் 7 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதமானபோது அது 9 சதவீதத்தைத் தொட்டது. அப்போது வங்கி அவரிடம் கேட்காமலேயே தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, கட்ட வேண்டிய மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது. மாதாமாதம் போகும் தொகை மாறாததால் பல மாதங்கள் கழித்துத்தான் கடன் கணக்கு அறிக்கையில் அதைக் கவனித்தார். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டிப்பதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கடன் வைத்திருப்பவர்கள் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, மீதமுள்ள மாதங்கள் எத்தனை என்ற வரியைத்தான். இந்த ஏற்ற இறக்கங்களைச் சராசரியாக்கி, கீழே வரும் கணக்கில் 8.5 சதவீதத்தையே வைத்துக்கொள்கிறேன். அது அவருக்குச் சற்றுப் பாதகமான எண்தான், ஆனால் முடிவைப் புரட்டிப்போடும் அளவுக்கு அல்ல.

எங்கள் பக்கத்தில், 21 லட்சத்தில் ஒரு லட்சம் வீட்டு உரிமையாளருக்கு அட்வான்ஸாகப் போனது. சென்னையில் அக்காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சர்வ சாதாரணம். பேசிப் பார்த்து ஆறு மாதத்துக்குக் குறைத்தோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. இன்று வாடகைக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். மீதி 20 லட்சத்தில் பாதியை, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு நிதியிலும் பாதியை வங்கி வைப்பு நிதியிலும் போட்டோம்.

ஆனால் இந்த 20 லட்சத்தோடு எங்கள் கணக்கு முடிந்துவிடவில்லை. இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. நண்பர் மாதம் 41,655 ரூபாய் தவணை கட்டுகிறார். அதோடு வீட்டு உரிமையாளர் என்ற முறையில் சொத்து வரி, பெரிய பழுதுகள் ஆகியவையும் அவர் தலையில்தான். எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து மின்தூக்கியின் இயந்திரமும் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரும் பாழானபோது, உரிமையாளர்கள் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு போட்டு வசூலித்தது. எங்கள் வீட்டுக்கான பங்கை எங்கள் உரிமையாளர் கட்டினார். இவற்றையெல்லாம் மாதக் கணக்காக்கிச் சேர்த்தால் நண்பரின் செலவு ஏறத்தாழ 43,000. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் இருவருக்கும் ஒன்றே என்பதால் அதை விட்டுவிடலாம். நாங்கள் கொடுத்த வாடகை 16,000. வித்தியாசம் 27,000 ரூபாய். அந்த 27,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் முதலீடாகப் போனால் மட்டுமே எங்கள் இருவரையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

ஆகவே நண்பருக்குத் தவணை பிடிக்கும் 5-ஆம் தேதியன்றே எங்கள் கணக்கிலிருந்தும் 27,000 ரூபாய் தானாகவே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தோம். பாதி குறியீட்டு நிதிக்கு, பாதி தொடர் வைப்புக்கு. ஆண்டுதோறும் வாடகை 5 சதவீதம் ஏறியது; எவ்வளவு ஏறியதோ அவ்வளவை மட்டும் முதலீட்டிலிருந்து குறைத்தோம். ஏழாவது ஆண்டில் வாடகை 21,400, முதலீடு 21,600. சம்பள உயர்வு வந்தபோது கூடுதலாகச் சேமித்த பணத்தை இந்தக் கணக்கில் கலக்காமல் வேறு கணக்கில் வைத்தோம். நண்பருக்கும் அதே சம்பள உயர்வு வந்ததே, அதை எங்கள் பக்கத்து வெற்றியாகக் காட்டுவது நியாயமாகாது.

2025-இன் நடுவில் இரண்டு பக்கத்தையும் மூடிப் பார்த்தோம். அதே கட்டடத்தில் அதே அளவுள்ள வீடு ஒன்று அண்மையில் 85 லட்சத்துக்கு விலைபோயிருந்தது. ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 5 சதவீத வளர்ச்சி. நண்பர் இன்று விற்றால் தரகு போகக் கையில் வருவது 84 லட்சத்துச் சொச்சம்; அதில் கடன் பாக்கி 39 லட்சத்து 25 ஆயிரத்தைக் கழித்தால் அவருடைய பங்கு ஏறத்தாழ 45 லட்சம். எங்கள் பக்கம் சந்தையும் வைப்பும் சேர்ந்து கொடுத்த வருமானம் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். குறியீட்டு நிதி அந்தக் காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே வளர்ந்தது. வைப்பு நிதியின் குறைந்த வட்டியையும் வரியையும் மனத்தில் கொண்டு அடக்கமான எண்ணை எடுத்தேன். 20 லட்சம் 36 லட்சத்து 56 ஆயிரமாகிறது. மாத முதலீடுகள் 28 லட்சத்து 40 ஆயிரமாகின்றன. அட்வான்ஸ் ஒரு லட்சம் திரும்ப வரும். மொத்தம் 66 லட்சம். வாடகைக்கு இருந்தவர் 21 லட்சம் முன்னே நிற்கிறார். முழுப் பணமும் வரி போக 5 சதவீதம் மட்டுமே தரும் வைப்பில் இருந்திருந்தாலும் எங்கள் பக்கம் ஏறத்தாழ 54 லட்சம் இருந்திருக்கும், அப்போதும் முன்னேதான்.

இதைக் கேட்டதும் வாடகையே மேல் என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு முன் மாத முதலீட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 20 லட்சத்தை அதே 9 சதவீதத்தில் போட்டுவிட்டு, மாத வித்தியாசமான 27,000 ரூபாயை வீட்டுச் செலவோடு கலந்துவிட்டவர் ஏழு ஆண்டு முடிவில் வைத்திருப்பது அட்வான்ஸோடு சேர்த்து முப்பத்தேழரை லட்சம். வீடு வாங்கிய நண்பரிடம் 45 லட்சம். இப்போது வாங்கியவர் ஏழு லட்சத்துக்கு மேல் முன்னே. அந்த 20 லட்சமும் வைப்பில் 5 சதவீதத்துக்குக் கிடந்தால் இடைவெளி 16 லட்சமாகிறது. கைப்பணத்தை முதலீடு செய்வதா, வீட்டில் போடுவதா என்று விவாதிக்கும்போது எல்லோர் கண்ணும் அந்த மொத்தத் தொகையின் மீதே இருக்கிறது. முடிவைத் தீர்மானிப்பதோ மாதாமாதம் மிஞ்சும் வித்தியாசம். வாடகைக்கு இருந்தும் கையில் ஒன்றும் சேரவில்லை என்று வருந்துகிற பல குடும்பங்களில் நான் கண்டது இதைத்தான்: வாடகை குறைவு என்பதால் மிஞ்சிய பணம், கார் தவணையாகவும் அடிக்கடி மாற்றும் கைப்பேசியாகவும் யாருக்கும் தெரியாமல் கரைந்திருந்தது.

என் நண்பர் இதை நன்றாக அறிந்தவர். “என் கையில பணம் நிக்காதுங்க. கட்டாயம்னு ஒன்னு இருந்தாத்தான் நான் சேமிப்பேன்” என்று பத்திரப் பதிவுக்கு முன்பே என்னிடம் சொன்னார். அவருக்குத் தவணை ஒரு கட்டாயச் சேமிப்பாக அமைந்தது. வீடு வாங்காமல் இருந்திருந்தால் அவரிடம் இன்று 45 லட்சம் இருந்திருக்காது என்று அவரே சொல்கிறார். அவர் எடுத்த முடிவு அவருக்குச் சரியானது என்றே நானும் நினைக்கிறேன். இதில் ஐயம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வீடு பார்க்கத் தொடங்குவதற்கு முன் ஓராண்டு காலம், எதிர்பார்க்கும் தவணையில் வாடகை போக வரும் வித்தியாசத்தைச் சம்பளம் வந்த வாரத்திலேயே தனிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். ஆண்டு முடிவில் அந்தத் தொகை முழுதாக இருந்தால் வாடகை வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. தவணையைத் தாங்கும் வலிமை உண்டு என்பதும் தெரிந்துவிடும். இடையில் எடுத்துச் செலவழித்திருந்தால், முதலீட்டு வழியின் கணக்கு உங்களுக்குக் காகிதத்தில் மட்டுமே பலிக்கும்.

மாதாமாதம் போடுவதுபோல், போட்டதை எடுக்காமல் இருப்பதும் கடினம். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. 2018-இல் குறியீட்டு நிதியில் போட்ட பத்து லட்சம் அன்று ஏழேகால் லட்சமாகத் தெரிந்தது. அதே மாதம் எங்கள் அலுவலகத்தில் சம்பளக் குறைப்பும் அறிவிக்கப்பட்டது. என் மாமனார் தொலைபேசியில் அழைத்து, “வீட்டை வாங்கியிருந்தா அது நின்ன இடத்துல நின்னிருக்கும் மாப்பிள்ளை. மிச்சத்தையாவது எடுத்து வச்சிருங்க” என்றார். அவர் கவலையில் அன்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆனால் இரண்டாம் தளத்து வீட்டை அந்த வாரத்தில் விற்கப் போயிருந்தால் யாரும் 60 லட்சம் கொடுத்திருக்க மாட்டார்கள்; வீட்டின் விலை நாள்தோறும் திரையில் வருவதில்லை என்பதால் அந்த இறக்கம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நாங்கள் சில மாதங்கள் தொடர் வைப்பை மட்டும் நிறுத்தினோம். குறியீட்டு நிதியைத் தொடவில்லை. அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல, பாதிப் பணம் வைப்பில் இருந்ததே. அவசரத்துக்கு எடுக்க வேண்டியது அங்கே இருந்ததால் இறங்கிக் கிடந்த பங்குப் பணத்தை விற்கும் நெருக்கடி வரவில்லை. முழுவதையும் பங்குச் சந்தையில் போட்டால் கணக்கில் இன்னும் அழகான எண் வரும் என்பது தெரிந்தும் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. நண்பருக்கும் அந்தக் காலத்தில் நெருக்கடிதான். ரிசர்வ் வங்கி அனுமதித்தபடி 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையை ஒத்திவைக்க வழி இருந்தது; ஆனால் அந்த மாதங்களின் வட்டி கடனோடு சேர்ந்துகொண்டே இருந்தது.

எங்களுக்குச் சாதகமாக வந்த இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டின் விலை ஆண்டுக்கு எட்டரை சதவீதம் ஏறியிருந்தால், அதாவது 60 லட்சம் ஏழு ஆண்டில் 106 லட்சமாகியிருந்தால், இருவரும் சமமாக நின்றிருப்போம். பத்து சதவீதம் ஏறியிருந்தால் நண்பரிடம் எழுபத்தாறரை லட்சம். எங்களைவிடப் பத்து லட்சம் கூடுதல். காரணம் கடன். 21 லட்சம் போட்டவருக்கு 60 லட்சத்தின் மீதான ஏற்றம் முழுவதும் சேர்கிறது. இறங்குமுகத்திலும் அது அப்படியே வேலை செய்யும்: ஆண்டுக்கு 2 சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் அவர் பங்கு 29 லட்சம்தான். ஆகவே வாங்குபவர் உண்மையில் பந்தயம் கட்டுவது விலையின் வேகத்தின் மீது. அந்த வேகம் பெரும்பாலும் மண்ணுக்குரியது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிற பொருள். அடுக்குமாடியில் நம் பெயருக்கு வரும் மண் என்பது பத்திரத்தில் எழுதப்படும் பிரிபடாத பாக நிலம் மட்டுமே. அதே விலையுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் 500 சதுர அடியும் இன்னொன்றில் 280 சதுர அடியும் இருப்பதுண்டு. வீட்டின் அழகையும் சமையலறை அலமாரியையும் பார்க்கும் முன் அந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

முடிவைத் திருப்பக்கூடிய இன்னொரு எண், வாடகைக்கும் விலைக்கும் உள்ள விகிதம். 60 லட்சம் வீட்டுக்கு ஆண்டு வாடகை 1 லட்சத்து 92 ஆயிரம் என்பது 3.2 சதவீதம். சென்னையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கடன் வட்டி அதைப்போல் இரண்டரை மடங்கு. நீங்கள் பார்க்கும் வீட்டில் இந்த விகிதம் 5 சதவீதத்தை நெருங்கினால், மாத வித்தியாசம் சுருங்கி, வாங்குவதன் பக்கம் தராசு சாயத் தொடங்கும். கடனைத் தொடக்கத்திலேயே அடைப்பவருக்கும் அப்படித்தான். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. அடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் 8.5 சதவீத வட்டியை உறுதியாக மிச்சப்படுத்துகிறது. பங்குச் சந்தைப் பக்கமே போக மாட்டேன், வைப்பு மட்டும்தான் என்று இருப்பவர் கடனையும் வைத்துக்கொண்டு வைப்பும் போடுவதைவிட, கடனை அடைப்பதே மேல்.

வருமான வரியை இதுவரை தொடாமல் விட்டதற்குக் காரணம், அது முடிவை மாற்றவில்லை. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு; நண்பரின் முதலாண்டு வட்டி 4 லட்சம், பாதிக்குத்தான் கழிவு கிடைத்தது. எங்களுக்கு வீட்டு வாடகைப்படியில் விலக்கு கிடைத்தது. புதிய முறையில் இரண்டுமே இல்லை. வரிச் சலுகைக்காகக் கடன் வாங்கச் சொல்கிறவர்களிடம் முதலில் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு விதி மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை: பங்கு நிதிகளை நீண்ட காலம் வைத்திருந்து விற்று, அந்தத் தொகை முழுவதையும் உரிய காலத்துக்குள் ஒரு வீட்டில் போட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த ஆதாயத்துக்கு வரி விலக்கு உண்டு. 54எஃப் என்று கணக்காளர்கள் சொல்வது இதைத்தான். முதலீட்டை வளர்த்துப் பின்னர் வீடு வாங்க நினைப்பவர் விற்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தில் அடங்காத செலவு ஒன்றும் வாடகைப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் எங்கள் வீட்டு உரிமையாளர், மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறான், இரண்டு மாதத்தில் வீடு வேண்டும் என்றார். எங்கள் மகளின் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பேருந்துக்கு அனுப்ப அவள் அம்மாவுக்கு மனமில்லை. பின்னர் மகன் வரவில்லை, நாங்கள் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஒப்புதல் கேட்க வேண்டிய நிலையை வயதான பெற்றோர் எப்படி உணர்கிறார்கள் என்பதையும் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 21 லட்சம் ரூபாய் முன்னிலையைக் கொடுத்து இந்த நிம்மதியை வாங்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்; எவ்வளவு கொடுத்து வாங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

அண்மையில் உரிமையாளரே எங்களிடம் வந்து, “வெளி ஆளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களக் கேக்கறேன் சார், 85 லட்சத்துக்கு நீங்களே எடுத்துக்குங்க” என்றார். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் மடிப்பாக்கம் வழியாக வருவதால் விலை இன்னும் ஏறும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கலாம். நாங்கள் மறுபடியும் அதே விரிதாளைத் திறந்தோம். இன்றைய வாடகை 21,400. விலையில் 3 சதவீதம்தான். பத்திரச் செலவு ஏழரை லட்சத்துக்கு மேல். கட்டடத்துக்கு வயது பதினேழு, பிரிபடாத பாக நிலம் 310 சதுர அடி. மகள் இன்னும் மூன்று ஆண்டுகளில் பள்ளியை முடிப்பாள். கல்லூரி எந்த ஊரில் என்பது அப்போதுதான் தெரியும். வாங்குவதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளலாமா, ஆண்டுக்கு 5 சதவீத உயர்வை இப்போதே எழுதிவிடலாம், இடையில் வீடு கைமாறினாலும் புதியவர் அந்தக் காலம்வரை எங்களைத் தொடர விட வேண்டும் என்ற வாசகமும் இருக்கட்டும் என்று கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் கையெழுத்திடுகிறோம்.